இடித்து இணையும் இரண்டு சரக்குப் பெட்டிகள்: சேர்ந்து போகும் வேகம் எங்கிருந்து வருகிறது?

தண்டவாளத்தில் ஒரு சரக்குப் பெட்டி சும்மா நிற்கிறது. இன்னொரு பெட்டி, எஞ்சின் தள்ளிவிட்டுப் போன வேகத்தில், தானாக உருண்டு வந்து அதில் இடிக்கிறது. 'டணங்' என்று ஒரு சத்தம். கொக்கிகள் மாட்டிக்கொள்கின்றன. அப்புறம் இரண்டும் ஒரே பெட்டிபோலச் சேர்ந்து நகர்கின்றன.

வருகிற பெட்டி சரக்கு ஏற்றியது, 60 டன். வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர், அதாவது மனிதர் நிதானமாக நடக்கும் வேகம். நிற்கிற பெட்டி காலி, 20 டன். இணைந்த பிறகு இரண்டும் எவ்வளவு வேகத்தில் போகும்?

இந்தக் கேள்விக்கு நான் மூன்று விதமான பதில்களைக் கேட்டிருக்கிறேன். "ஒன்று இரண்டாகிவிட்டது, ஆகவே வேகம் பாதி, 0.6" என்பது முதல் பதில். கொஞ்சம் இயற்பியல் படித்தவர்கள், "ஆற்றல் அழியாது, ஆகவே முன்பிருந்த இயக்க ஆற்றலும் பின்பிருக்கும் இயக்க ஆற்றலும் சமம்" என்று கணக்குப் போட்டு 1.04 என்பார்கள். மூன்றாவது பதில் 0.9. அதுதான் சரி.

ஆனால் 0.9 என்று சரியாகச் சொல்பவர்களிடம், "ஆற்றல் அழியாது என்பதும் உண்மைதானே, அதை வைத்துப் போட்டால் ஏன் தப்பு வருகிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். "சூத்திரம் அப்படித்தான்" என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். இந்தக் கட்டுரை அந்த மௌனத்துக்காக எழுதியது.

## முதலில் தள்ளுக்கூடை

பெரிய கடைகளில் சக்கரம் வைத்த தள்ளுக்கூடைகள் இருக்குமே, ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் வகை. காலிக் கூடை ஒன்றை லேசாகத் தள்ளிவிட்டு, தனியாக நிற்கும் இன்னொரு காலிக் கூடைக்குள் செருக விட்டால் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ பாதி வேகத்தில் நகரும். 'பாதி' என்ற பதில் இங்கிருந்துதான் மனதில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு கூடைகளும் ஒரே நிறை என்பதால் இங்கே அது சரியும்கூட.

இப்போது வருகிற கூடையில் நிறையச் சாமான் ஏற்றிக்கொள்ளுங்கள். அது காலிக் கூடையில் செருகினால் வேகம் பெரிதாகக் குறையாது. காலிக் கூடையை அது இழுத்துக்கொண்டே போய்விடும். மாற்றிச் செய்தால், காலிக் கூடை போய் நிறைந்த கூடையில் இடித்தால், இரண்டும் அசைந்ததா என்றே சந்தேகமாக இருக்கும். ஆகவே எத்தனை வண்டிகள் என்ற எண்ணிக்கை இங்கே முக்கியமில்லை. நகர்ந்துகொண்டிருந்த நிறை எவ்வளவு, இப்போது நகர வேண்டிய நிறை எவ்வளவு என்பதுதான் முக்கியம்.

## அடுத்தது தண்ணீர்த் தொட்டி

இதே விஷயத்துக்கு எனக்குத் தெரிந்ததிலேயே நல்ல ஒப்புமை இரண்டு தொட்டிகள். ஒன்றின் அடிப்பரப்பு 60 சதுர மீட்டர், அதில் 1.2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. பக்கத்தில் 20 சதுர மீட்டர் அடிப்பரப்புள்ள காலித் தொட்டி. இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன, அடியில் ஒரு குழாய் இணைக்கிறது, குழாயில் வால்வு. வால்வைத் திறந்தால் என்ன ஆகும்? பெரிய தொட்டியில் மட்டம் இறங்கும், சின்னதில் ஏறும், இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் ஓட்டம் நிற்கும்.

எந்த மட்டத்தில் நிற்கும் என்பதற்குச் சூத்திரமே வேண்டாம். மொத்தத் தண்ணீர் 60 × 1.2 = 72 கன மீட்டர். அது இப்போது 80 சதுர மீட்டரில் பரவுகிறது. 72-ஐ 80-ஆல் வகுத்தால் 0.9 மீட்டர்.

நம் ரயில் பெட்டிக் கணக்கும் எழுத்துக்கு எழுத்து இதுவேதான். அடிப்பரப்பு இருந்த இடத்தில் நிறையை வையுங்கள். தண்ணீர் மட்டம் இருந்த இடத்தில் வேகத்தை வையுங்கள். அப்படியானால் தண்ணீரின் கன அளவு இருந்த இடத்தில் வருவது நிறையும் வேகமும் பெருக்கிய தொகை. அந்தத் தொகைக்குப் பெயர் உந்தம். 60 டன் பெட்டி விநாடிக்கு 1.2 மீட்டரில் வந்தால் அதன் உந்தம் 72 (அலகு: டன் × மீட்டர்/விநாடி). நிற்கிற பெட்டியின் வேகம் சுழி, ஆகவே அதன் உந்தமும் சுழி. மொத்தம் 72. இணைந்த பிறகு அதே 72, 80 டன்னுக்குப் பரவுகிறது. வேகம் 0.9.

எழுதினால் இப்படி:

m₁ × u = (m₁ + m₂) × v

u என்பது வருகிற பெட்டியின் வேகம், v என்பது சேர்ந்து போகும் வேகம். நிற்கிற பெட்டி உண்மையில் நிற்காமல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தால் அதன் உந்தத்தையும் இடப்பக்கம் கூட்டிக்கொள்ள வேண்டும், எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தால் கழிக்க வேண்டும். தொட்டி ஒப்புமை உதவாத இடம் அது ஒன்றுதான். 'கழித்தல் தண்ணீர்' என்று ஒன்று கிடையாது.

இதுவரை சொன்னது: வேகம் என்பது மட்டம்போல, உந்தம் என்பது தண்ணீரின் அளவுபோல. மட்டம் மாறும், மொத்த அளவு மாறாது.

சரி, தண்ணீர் எங்கும் சிந்தவில்லை என்பது கண்ணால் பார்த்துத் தெரிகிறது. உந்தம் சிந்தவில்லை என்று எப்படித் தெரியும்? அதைப் பார்க்க மோதல் நடக்கும் அந்த நொடிக்குள் போக வேண்டும்.

## 'டணங்'குக்குள் நடப்பது

பெட்டியின் முனையில் துருத்திக்கொண்டிருக்கும் இணைப்பானைக் கப்ளர் என்பார்கள். உலகில் பரவலாக உள்ள ஒரு வகை, மடக்கிய விரல்கள் கொண்ட இரும்புக் கைபோல இருக்கும். அந்த 'விரல்' கீலில் திரும்பும். திறந்திருக்கும் விரலில் எதிர்க் கப்ளர் வந்து அழுத்தியதும் அது உள்நோக்கித் திரும்பி எதிர் விரலைக் கட்டிக்கொள்ளும். உள்ளே ஓர் இரும்புப் பூட்டு தன் எடையாலேயே கீழே விழுந்து விரலைத் திரும்ப விடாமல் அடைத்துவிடும். கை குலுக்கியபின் விரல்கள் இறுகிவிட்டதுபோல. 1873-ல் ஈலை ஜேனி என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற வடிவம் இது. அதற்கு முன்பு அங்கே இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஆள் நின்று, பெட்டி நெருங்கும் நேரத்தில் இரும்பு வளையத்தைத் துளைக்குள் வழிகாட்டி ஆணியைச் செருக வேண்டும். எத்தனையோ தொழிலாளர்கள் அதில் விரலையும் உயிரையும் இழந்தார்கள். 1893-ல் சட்டம் போட்டுத்தான் தானியங்கிக் கப்ளரைக் கட்டாயமாக்கினார்கள்.

கப்ளருக்குப் பின்னால், பெட்டியின் அடிச்சட்டத்துக்குள் மறைந்திருக்கிறது நமக்கு வேண்டிய உறுப்பு. டிராஃப்ட் கியர் என்று பெயர். இடியை வாங்கி அமுங்கும் அமைப்பு அது. சுருள்வில், ரப்பர் அடுக்கு, ஒன்றோடொன்று உரசும் இரும்பு ஆப்புகள் என்று பல வகை உண்டு. ஒரு டிராஃப்ட் கியர் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் அமுங்கும். இரண்டு பெட்டியிலும் ஒவ்வொன்று இருப்பதால், மோதும்போது நடுவில் மொத்தம் 16 சென்டிமீட்டர் போல 'குஷன்' இருக்கிறது.

இனி மோதலை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். கப்ளர்கள் தொட்ட கணத்தில் வருகிற பெட்டி 1.2-ல் இருக்கிறது, நிற்கிற பெட்டி சுழியில். டிராஃப்ட் கியர்கள் அமுங்கத் தொடங்குகின்றன. அமுங்கும் பொருள் இரண்டு பக்கமும் ஒரே அளவு விசையோடு தள்ளும். முன்னால் இருப்பதை முன்னோக்கி, பின்னால் இருப்பதைப் பின்னோக்கி. முன் பெட்டி வேகம் எடுக்கிறது, பின் பெட்டி வேகம் இழக்கிறது. இரண்டு வேகமும் சமமாகும் கணத்தில் அமுங்குவது நிற்கிறது.

இது 0.2 விநாடியில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். விசை உண்மையில் ஏறி இறங்கும். ஆனால் கணக்கு எளிதாக இருக்க, முழு நேரமும் ஒரே விசை, 90 கிலோநியூட்டன் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏறத்தாழ 9 டன் எடைக்குச் சமமான தள்ளல் அது.

20 டன் பெட்டியை 90 கிலோநியூட்டன் தள்ளினால் அதன் வேகம் விநாடிக்கு 4.5 மீட்டர் வீதம் கூடும். 0.2 விநாடிக்கு 0.9 மீட்டர்/விநாடி. சரியாக வந்துவிட்டது. 60 டன் பெட்டியை அதே விசை பின்னுக்குத் தள்ளினால் வேகம் விநாடிக்கு 1.5 வீதம் குறையும். 0.2 விநாடிக்கு 0.3. ஆகவே 1.2 என்பது 0.9 ஆகிறது. அதுவும் சரி.

விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது கணத்தாக்கு. ஒரு பொருளின் உந்தம் எவ்வளவு மாறுகிறதோ அதுவே அதன் மேல் செயல்பட்ட கணத்தாக்கு. இங்கே 90 × 0.2 = 18. கனமான பெட்டி 18 இழந்தது, லேசான பெட்டி 18 பெற்றது. இரண்டும் சமமாக இருந்தது தற்செயல் இல்லை. விசை இரண்டுக்கும் ஒன்றே. தொட்டுக்கொண்டிருந்த நேரமும் இரண்டுக்கும் ஒன்றே; நீ என்னைத் தொடும் நேரமும் நான் உன்னைத் தொடும் நேரமும் வேறாக இருக்க முடியாதே! விசையும் நேரமும் சமம் என்றால் பெருக்குத்தொகையும் சமம்தான். ஒன்று கொடுத்ததை மற்றது முழுதாக வாங்கிக்கொண்டது. மொத்த உந்தம் மாறவில்லை.

டிராஃப்ட் கியர் மெத்தென்று இருந்தால் விசை குறையும், நேரம் கூடும். விறைப்பாக இருந்தால் விசை கூடும், நேரம் குறையும். வழி எதுவானாலும் முடிவு 0.9-தான். "கனமான பெட்டி அதிக விசையோடு இடிக்கும், லேசானது குறைவாகத்தான் திருப்பி இடிக்கும்" என்று சொல்லும் வழக்கம் உண்டு. அது தவறு. விசை இரண்டின் மேலும் ஒன்றே. அந்த விசையால் லேசானதன் வேகம் அதிகம் மாறுகிறது, அவ்வளவுதான்.

## அப்படியானால் ஆற்றல்?

இதுதான் கட்டுரையின் மையம், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

நகரும் பொருளுக்கு இருக்கும் ஆற்றல் இயக்க ஆற்றல். நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் கிடைக்கும். மோதலுக்கு முன்: 60 × 1.2 × 1.2 ÷ 2 = 43.2 கிலோஜூல். மோதலுக்குப் பின்: 80 × 0.9 × 0.9 ÷ 2 = 32.4 கிலோஜூல். 10.8 கிலோஜூல் குறைகிறது. சரியாகக் கால் பங்கு.

இது எங்கே போனது? அதே 0.2 விநாடியைத் திரும்பப் பாருங்கள். இந்தத் தடவை நேரத்தை விட்டுவிட்டுத் தூரத்தைப் பாருங்கள்.

பின்னால் வந்த கனப் பெட்டியின் வேகம் 1.2-லிருந்து 0.9-க்கு இறங்கியது. சராசரி 1.05. 0.2 விநாடியில் அது நகர்ந்த தூரம் 21 சென்டிமீட்டர். முன்னால் நின்ற பெட்டி சுழியிலிருந்து 0.9-க்கு ஏறியது. சராசரி 0.45. அதே நேரத்தில் அது நகர்ந்த தூரம் 9 சென்டிமீட்டர் மட்டுமே. மீதி 12 சென்டிமீட்டர்? அதுதான் இரண்டு டிராஃப்ட் கியர்களும் சேர்ந்து அமுங்கிய தூரம்.

ஆற்றல் கைமாறுவது விசையையும் தூரத்தையும் பெருக்கிய அளவில். கனப் பெட்டி 21 சென்டிமீட்டர் தூரத்துக்கு 90 கிலோநியூட்டனை எதிர்த்துப் போனது, இழந்தது 18.9 கிலோஜூல். காலிப் பெட்டி 9 சென்டிமீட்டர் தூரத்துக்கு அதே விசையால் தள்ளப்பட்டது, பெற்றது 8.1 கிலோஜூல். நடுவில் 12 சென்டிமீட்டர் அமுக்கத்தில் சிக்கியது 10.8 கிலோஜூல். கணக்கு ஒரு ஜூல்கூடப் பிசகாமல் நேராகிறது.

ஆக, நேரம் இரண்டு பெட்டிக்கும் ஒன்று. தூரம் ஒன்றில்லை. நேரத்தோடு சம்பந்தப்பட்ட உந்தம் முழுதாகக் கைமாறுகிறது. தூரத்தோடு சம்பந்தப்பட்ட இயக்க ஆற்றல் அப்படி மாற முடியாது. இடையில் ஏதாவது அமுங்கினால் பின் பெட்டி நகர்ந்த தூரம் முன் பெட்டி நகர்ந்த தூரத்தைவிட அதிகமாகத்தான் இருக்கும். எதுவுமே அமுங்காமல் 1.2-ல் வரும் பெட்டியும் சுழியில் நிற்கும் பெட்டியும் ஒரே வேகத்துக்கு வரவே முடியாது.

"ஆற்றல் அழியாது" என்பது பொய்யாகிவிடவில்லை. அந்த 10.8 கிலோஜூல் ஆப்புகளின் உரசலில் சூடாகப் போனது. ஒரு துளி சத்தமாகப் போனது. ஒரு லிட்டர் தண்ணீரை இரண்டரை டிகிரி சூடாக்கப் போதுமான அளவுதான், தொட்டுப் பார்த்தால்கூடத் தெரியாது. ஆனால் இயக்க ஆற்றல் என்ற கணக்கிலிருந்து அது வெளியேறிவிட்டது. 1.04 என்று விடை சொன்னவர் செய்த தவறு இங்கேதான். மொத்த ஆற்றல் மாறாது என்பதை, இயக்க ஆற்றல் மாறாது என்று படித்துவிட்டார். இப்படி இயக்க ஆற்றலில் ஒரு பங்கு வேறு வடிவத்துக்குப் போகும் மோதலை மீட்சியற்ற மோதல் என்கிறோம். ஒட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் போவது அதில் கடைசி எல்லை, முழு மீட்சியற்ற மோதல்.

தொட்டிகளிலும் இதே கதை நடக்கிறது என்பது எனக்கு இன்றும் பிடித்த விஷயம். உயரத்தில் நின்ற தண்ணீரின் ஆற்றலை வால்வு திறப்பதற்கு முன்பும் பின்பும் கணக்கிட்டால் அங்கேயும் சரியாகக் கால் பங்கு குறையும். தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஆற்றல் மட்டும் குழாய்ச் சுழிப்பில் போய்விட்டது.

## எது வந்து எதில் மோதினாலும்

இப்போது காலிப் பெட்டி 1.2-ல் வந்து, நிற்கிற 60 டன் பெட்டியில் மோதட்டும். உந்தம் 20 × 1.2 = 24. அதை 80-ஆல் வகுத்தால் 0.3. இணைந்த வேகம் முன்பு வந்த 0.9-ல் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

இயக்க ஆற்றல்? முன்பு 14.4 கிலோஜூல், பின்பு 3.6. போனது 10.8. அதே 10.8!

முதல் தடவை பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். முதலில் கால் பங்கு போனது, இப்போது முக்கால் பங்கு போகிறது. ஆனால் போன அளவு மட்டும் ஒன்று. காரணம், டிராஃப்ட் கியரின் இடத்தில் உங்களை வைத்துப் பார்த்தால் புரியும். எந்தப் பெட்டி தண்டவாளத்தைப் பொறுத்து நிற்கிறது, எது நகர்கிறது என்று அதற்குத் தெரியாது. இரண்டும் எவ்வளவு வேகத்தில் நெருங்குகின்றன என்பது மட்டுமே அதற்குத் தெரியும். நெருங்கும் வேகம் 1.2, பெட்டிகள் அதே 60-ம் 20-ம். ஆகவே அமுக்கமும் அதே 12 சென்டிமீட்டர், சூடும் அதே 10.8.

யார்டில் பெட்டிகளை இணைக்கும் ஷண்டிங் வேலையில், நெருங்கும் வேகத்தை நடை வேகத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். இணைந்த பிறகு என்ன வேகம் என்பதைப் பற்றி டிராஃப்ட் கியருக்குக் கவலை இல்லை. நெருங்கும் வேகம் இரண்டு மடங்கானால், விநாடிக்கு 2.4 மீட்டரானால், அது விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு, 43.2 கிலோஜூல். கையில் இருப்பதோ 16 சென்டிமீட்டர்தான். அதற்குள் முடிக்கச் சராசரி விசை 270 கிலோநியூட்டன் வேண்டும். அந்த விசையைத் தர முடியாத டிராஃப்ட் கியராக இருந்தால் அடிவரை அமுங்கி முட்டிவிடும். முட்டிய பிறகு மீதி ஆற்றலை இரும்புச் சட்டம் சில மில்லிமீட்டரில் வாங்க வேண்டும். தூரம் குறைந்தால் விசை எகிறும். சட்டத்தில் விரிசல், கப்ளரில் உடைப்பு, உள்ளே சரக்கு சரிவது எல்லாம் அந்தச் சில மில்லிமீட்டரில் நடப்பவை.

சுருக்கமாக: இணைந்த வேகத்தை உந்தம் சொல்லும். இடி எவ்வளவு பலமானது என்பதை நெருங்கும் வேகம் சொல்லும். இரண்டும் தனித்தனிக் கேள்விகள்.

## உராய்வை மறந்துவிட்டோமா?

நியாயமான சந்தேகம். உந்தம் மாறாது என்பது, வெளியிலிருந்து விசை எதுவும் தள்ளாதவரைக்கும்தான். தண்டவாளம் சக்கரங்களை இழுத்துப் பிடிக்கத்தானே செய்கிறது?

பிடிக்கிறது, ஆனால் மிகக் குறைவாக. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது வரும் தடை, எடையில் ஆயிரத்தில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 80 டன்னுக்கு ஏறத்தாழ 1.6 கிலோநியூட்டன். மோதல் நீடிக்கும் 0.2 விநாடியில் அது பறிக்கும் உந்தம் 0.3. மொத்தம் 72 இருக்கும் இடத்தில் 0.3. கணக்கில் எடுத்தால் 0.9 என்பது 0.896 ஆகும். அதனால்தான் விட்டுவிடுகிறோம்.

ஆனால் இந்த அனுமதி அந்த 0.2 விநாடிக்கு மட்டும்தான். இணைந்த பெட்டிகளை அப்படியே விட்டால் அதே சின்னத் தடை நிதானமாக அவற்றை நிறுத்திவிடும். சமதளத்தில் முக்கால் நிமிடம் ஓடி, 20 மீட்டர் போய் நிற்கும். "0.9 என்று கணக்குச் சொன்னது, ஆனால் பெட்டி நின்றுவிட்டதே" என்று கேட்பவர்கள் இந்த இரண்டு நேரங்களையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கணக்கு சொன்னது இணைந்த கணத்தின் வேகத்தை.

நிற்கிற பெட்டியின் கை பிரேக் இறுக்கியிருந்தால் நிலைமை வேறு. சக்கரம் உருளாது, வழுக்கும். வழுக்கும் உராய்வு எடையில் 15 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், 20 டன் பெட்டிக்கு 29 கிலோநியூட்டன். 0.2 விநாடியில் அது ஏறத்தாழ 6 அளவு உந்தத்தைத் தின்றுவிடும். 72-ல் 6 போனால் 66, வேகம் 0.83. இங்கே உந்தம் மாறாது என்று கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது, எட்டு சதவீதம் பிழை வரும். அதற்கப்புறம் இரண்டு பெட்டிகளும் கிறீச்சிட்டு, ஒரு மீட்டருக்குள் இரண்டேகால் விநாடியில் நின்றுவிடும். வெளிவிசையை விடலாமா கூடாதா என்று முடிவெடுக்க ஒரே கேள்விதான்: மோதல் நேரத்தில் அது பறிக்கும் உந்தம், மொத்த உந்தத்தோடு பார்த்தால் எவ்வளவு?

## கொக்கி மாட்டாமல் போனால்

இதுவரை பெட்டிகள் இணைந்தன என்றே வைத்துக்கொண்டோம். ஆனால் கப்ளர்களில் ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். இரண்டு விரல்களும் மூடிக் கிடந்தால் இரும்பு முஷ்டிகள் மோதிக்கொள்வதுபோல மோதும், பூட்டாது.

அப்போதும் மொத்த உந்தம் 72-தான். அதற்கு இணைப்பு வேண்டியதில்லை. ஆனால் அமுங்கிய டிராஃப்ட் கியர்கள் திரும்ப விரியும்போது, விழுங்கிய ஆற்றலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து இரண்டு பெட்டிகளையும் விலக்கும். நெருங்கிய வேகம் 1.2, விலகும் வேகம் அதில் பாதி, 0.6 என்று வைத்துக்கொண்டால் கனப் பெட்டி 0.75-லும் காலிப் பெட்டி 1.35-லும் போகும். சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 60 × 0.75 என்பது 45, 20 × 1.35 என்பது 27, மொத்தம் 72.

இடித்த பெட்டி வந்த வேகம் 1.2. இடிபட்ட பெட்டி ஓடுவதோ 1.35-ல். வந்ததைவிட வேகமாக! உந்தம் எங்கும் கூடவில்லை. லேசான பெட்டி தன் பங்குக்கு மேல் வாங்கிக்கொண்டது, அவ்வளவே. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு இது உடனே தெரிந்துவிடும். பூட்டியிருந்தால் இரண்டு பெட்டிகளும் ஒரே சீராக 0.9-ல் நகரும். பூட்டவில்லை என்றால் சத்தம் என்னவோ அதேபோலத்தான் கேட்கும், ஆனால் கப்ளர்களுக்கு நடுவே வெளிச்சம் தெரியத் தொடங்கி, ஒவ்வொரு விநாடிக்கும் 60 சென்டிமீட்டர் வீதம் அகலமாகிக்கொண்டே போகும். முன்னால் போகிற காலிப் பெட்டியில் பிரேக் பிடிக்க ஆள் இல்லையென்றால், அது எங்கே போய் எதில் நிற்கும் என்பதற்கு இன்னொரு கணக்குப் போட வேண்டியிருக்கும்.